பதினோராம் பாட்டில் கோட்டை விடும் இடங்கள்

கடலூரில், கெடில ஆற்றங்கரையில், எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அந்த அம்மன் மேல் ஒரு பதிகம் எழுதினார். பத்துப் பாட்டும் நன்றாகவே வந்திருந்தன, கத்திரி வெயில், வேப்பிலை, ஆடிக்கூழ், மழை வராமல் வறண்டு கிடக்கும் ஆறு என்று ஊரை அப்படியே உள்ளே கொண்டுவந்திருந்தார். பதினோராம் பாட்டில்தான் தடுக்கிவிட்டது. பயன் சொல்லி முடிக்கும் பாட்டு அது. சம்பந்தர் தேவாரத்தில் திருக்கடைக்காப்பு என்பார்கள், வைணவர்கள் பலச்ருதி என்பார்கள். அவர் எழுதியது இது:

தாயுனைப் பாடி வந்தேன் தயவுடன் அருள்வாய் அம்மா
நோயிலா வாழ்வும் வீடும் நுண்ணிய அறிவும் பொன்னும்
சேயொடு மணமும் வேலை சிறந்திடும் தொழிலும் தந்து
நீயெனைக் காக்க வேண்டும் நிலமெலாம் வாழ வேண்டும்

யாப்பில் குறை சொல்ல முடியாது. விளம், மா, தேமா என்று அறுசீர் விருத்தம் சுத்தமாக ஓடுகிறது, எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது. (மணத்துக்கு முன்னால் சேய் வந்து நிற்பதை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம்.) "எல்லாம் கேட்டாச்சு தம்பி, அப்புறம் என்ன குறை?" என்றார். "கேட்டதுதான் ஐயா குறை" என்றேன்.

இப்போது எழுதப்படும் பதிகங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கடைசிப் பாட்டை வேண்டுதலாக எழுதிவிடுகிறார்கள். முதல் பத்துப் பாட்டில் தெய்வத்தைப் பார்த்துப் பாடுகிறோம், கேட்கிறோம், அழுகிறோம், சண்டை கூடப் போடுகிறோம். பதினொன்றில் பாடுகிறவர் திரும்பி நிற்கிறார். முகம் இப்போது நம் பக்கம். 'இன்னார் மேல் இன்னான் சொன்ன இந்தப் பாட்டை இப்படிச் செய்கிறவர்க்கு இது கிடைக்கும்' என்று அடுத்துப் பாட வருகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிற பாட்டு அது. தெய்வமும் அங்கே பெரும்பாலும் படர்க்கையில்தான் வரும், பாடிய கவிஞனும் தன்னையே படர்க்கையில்தான் வைத்துக்கொள்வான். 'நீ', 'எனக்கு', 'தா', 'வேண்டும்' என்ற சொற்கள் வந்துவிட்டால் நீங்கள் பதினோராம் பாட்டு எழுதவில்லை, பத்தாம் பாட்டை இன்னொரு முறை எழுதியிருக்கிறீர்கள்.

வெளியே போய்த் தேட வேண்டாம், நம்மூர்ப் பக்கத்திலேயே அச்சு இருக்கிறது. திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் மேல் திருமங்கையாழ்வார் பாடிய பத்தின் கடைசிப் பாட்டைப் பாருங்கள்:

மூவ ராகிய ஒருவனை மூவுலகு உண்டுமிழ்ந்து அளந்தானை
தேவர் தானவர் சென்றுசென்று இறைஞ்சத் தண் திருவயிந் திரபுரத்து
மேவு சோதியை வேல்வல வன்கலி கன்றி விரித்துரைத்த
பாவு தண்டமிழ் பத்திவை பாடிடப் பாவங்கள் பயிலாவே

இதைப் பிரித்துப் போட்டால் ஐந்து துண்டு கிடைக்கும். யார் மேல் பாடியது, மூன்று உலகையும் உண்டு உமிழ்ந்து அளந்தவன் மேல். எந்த ஊர், திருவயிந்திரபுரம். யார் பாடியது, வேல் வலவனான கலிகன்றி. எது, தண்டமிழ் பத்து. என்ன செய்தால் என்ன கிடைக்கும், பாடினால் பாவங்கள் ஒட்டாது. மூன்றே முக்கால் அடி ஏற்பாட்டுக்கே போய்விடுகிறது, பயன் மொத்தமும் இரண்டே சொல், அதுவும் கடைசியில். வாத்தியார் பாட்டில் நேர் தலைகீழ்: ஊர் இல்லை, பாடியவர் இல்லை, பாட்டே இல்லை, வெறும் பயன்தான் இருக்கிறது, அதுவும் எட்டு வகையில்.

அந்தப் பட்டியல்தான் இரண்டாவது சிக்கல். நோயின்மை, வீடு, அறிவு, பொன், பிள்ளை, கல்யாணம், வேலை, தொழில் என்று எல்லாவற்றையும் அடுக்கினால் இது மாரியம்மன் பதிகத்தின் கடைசியிலும் உட்காரும், பிள்ளையார் பதிகத்தின் கடைசியிலும் உட்காரும். பழைய பாட்டில் பெரும்பாலும் பயன் ஒன்றுதான் இருக்கும், மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றும் மேலே உள்ள பத்துப் பாட்டின் வயிற்றிலிருந்து பிறந்திருக்கும். அதற்காக நேராக அதே பொருளைச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை, இதில்தான் பெரியவர்களின் கைத்திறம் தெரிகிறது. பாண்டியனின் வெப்பு நோய் தீரச் சம்பந்தர் பாடிய திருநீற்றுப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாமாக இருந்தால் 'பாடுவோர்க்குக் காய்ச்சல் தீரும்' என்று முடித்திருப்போம். அவர் என்ன செய்கிறார்? தென்னன் உடலுற்ற தீப்பிணி தீரப் பாடியது என்ற சேதியை உள்ளேயே ஒரு வரியாக வைத்துவிட்டு, பயனை மட்டும் 'சாற்றிய பாடல்கள் பத்தும் வல்லவர் நல்லவர் தாமே' என்று வேறு உயரத்துக்குக் கொண்டுபோகிறார். கோளறு பதிகத்திலும் அப்படித்தான். கோளும் நாளும் வந்து நலியாத வண்ணம் சொன்ன பாட்டு என்பது காரணம், ஓதும் அடியார்கள் வானில் அரசாள்வர் என்பது பயன், 'ஆணை நமதே' என்று மேலே ஒரு முத்திரை. பாட்டுப் பிறந்த காரணத்தையும் பாடினால் வரும் பயனையும் தனித்தனியாக வைக்கலாம் என்பது இதிலிருந்து தெரியும்.

'ஆணை நமதே' என்றதும் முடிக்கும் சொல் நினைவுக்கு வருகிறது. பயன் பாட்டின் கடைசிச் சொல் உறுதியாக விழ வேண்டும். பயிலாவே, எளிதாமே, வீடே, திண்ணமே, இந்த மாதிரி. 'கிடைக்கட்டும்', 'வாழ வேண்டும்', 'பெறுவாராக' என்று முடித்தால் அது வாழ்த்து, கல்யாணப் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும். ஆனால் உறுதி என்று மிரட்டலில் இறங்காதீர்கள். 'பாடாதவர் நரகில் வீழ்வர்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்து காட்டினார், கோயிலுக்கு வருகிற குழந்தைகள் பாடப்போகிற பாட்டு அது.

அப்புறம் செயல். 'பாடினால்' என்று எல்லோரும் பொதுவாகப் போட்டுவிடுகிறோம். பழைய பாட்டில் அங்கே நிற்கும் சொல்லைக் கவனித்துப் பாருங்கள்: பெரும்பாலும் 'வல்லார்', 'வல்லவர்'. ஒரு தடவை பாடிவிட்டுப் போனவர் இல்லை, பாட்டு நாவில் ஏறி நின்றவர். 'திருநெறிய தமிழ் வல்லவர் தொல்வினை தீர்தல் எளிதாமே' என்று தோடுடைய செவியன் பதிகம் முடிகிறது. அங்கே பயன் பெரியது, ஆகவே கேட்கிற உழைப்பும் பெரியது. பயனுக்கும் செயலுக்கும் இந்தப் பொருத்தம் இருக்க வேண்டும். கேட்டாலே போதும், பார்த்தாலே போதும் என்று செயலைக் கரைத்துக்கொண்டே போனால் மேலே உள்ள பத்துப் பாட்டுக்கும் மதிப்பு இல்லாமல் போய்விடும்.

பெயர் வைப்பது பற்றி வாத்தியாருக்குக் கூச்சம். "நான் யாரு தம்பி, என் பேரைப் போய் அம்மன் பாட்டுல போடறதுக்கு" என்றார். நல்ல மனசுதான். ஆனால் பெயர் அங்கே பெருமைக்கு வைப்பதில்லை, இந்தப் பத்தும் ஒரே கையில் பிறந்தவை, இத்தோடு முடிந்தது என்று பூட்டுப் போடுவதற்கு வைப்பது. பின்னால் ஒருவர் ஒரு பாட்டைச் செருகினால் பூட்டு காட்டிக்கொடுக்கும். ஊர்ப் பெயரோடு சேர்த்து வைத்துவிட்டால் கூச்சமும் குறையும், குருகூர்ச் சடகோபன் மாதிரி. கடலூருக்குக் கூடலூர் என்ற பழைய பெயர் இருக்கிறதே, 'கூடலூரன்' என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குச் சம்மதித்தார். உங்களுக்குப் பெயரே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, பதினோராம் பாட்டையே விட்டுவிடலாம். இதே கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் 'ஈன்றாளுமாய்' பாடிய அப்பர் பொதுவாகத் தன் பெயர் வைத்துப் பயன் சொல்லி முடிப்பதில்லை, பத்தாம் பாட்டில் இராவணன் மலையெடுத்த கதையோடு நிறுத்திக்கொள்வார். எழுதுகிறதென்றால் மட்டும் முறையோடு எழுதுங்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்தோம். முதலில் 'ய' எதுகையை விட்டோம், மேலே பாட்டுக்குப் பாட்டு எதுகை மாறுவதால் அதில் தடையில்லை. ஆனால் அறுசீர் மாறக்கூடாது, பத்துப் பாட்டுக்கும் ஒரே மெட்டு, பதினொன்றுக்கு மட்டும் வேறு மெட்டு என்றால் பாடுகிற பெண்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அடுத்து, எட்டுப் பயனில் எதை வைப்பது? பத்துப் பாட்டிலும் வெயிலும் வெக்கையும் அம்மையும்தான் பேசப்படுகின்றன, ஆகவே பயன் குளிர்ச்சிதான், வீடும் உடம்பும் குளிர்வது. அதைக் கடைசி அடிக்குத் தள்ளிவிட்டு, முதல் அடியில் ஆறு, இரண்டாவதில் அம்மனும் பாடியவரும், மூன்றாவதில் பத்தும் செயலும் என்று இடம் பிரித்துக்கொண்டோம்:

ஓடிடும் கெடிலத் தோரம் உறைபவள் வேம்பின் தாரைச்
சூடிய மாரி பாதம் தொழுதெழும் கூட லூரன்
பாடிய பத்தும் ஓதிப் பயில்பவர் மனையும் மெய்யும்
கூடிய வெப்பு நோய்போய்க் குளிர்வது திண்ண மாமே

பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன், நாலாம் அடியில் 'கூடிய' எதுகைக்காக வந்த சொல் என்பது கூர்ந்து படிப்பவர்க்குத் தெரியும். ஆனால் ஐந்து துண்டும் இருக்கிறது, பயன் இந்த அம்மனுக்கே உரியது, 'ஓதிப் பயில்பவர்' என்பதில் உழைப்பும் இருக்கிறது.

எண்ணிக்கையில் ஒரு எச்சரிக்கை. மொத்தம் பதினொரு பாட்டு என்றாலும் 'பத்தும்' என்றுதான் சொல்ல வேண்டும், அப்படிப்பட்ட பதிகத்தில் பயன் பாட்டு தன்னை எண்ணிக்கொள்வதில்லை. திருநீற்றுப் பதிகத்திலும் அதே கணக்குத்தான். நூறு பாட்டுக்குள் ஒரு பத்து என்றால் 'நூற்றுள் இப்பத்து' என்று சொல்லலாம், திருவாய்மொழியில் 'ஆயிரத்துள் இப்பத்து' வருகிற மாதிரி. எண்ணைப் போட்டுவிட்டால் பிறகு மேலே கை வைக்க முடியாது. வாத்தியார் கைவைத்தார். கோயில் சுவரில் எழுத வந்த ஓவியர் இடம் போதவில்லை என்று சொல்ல, ஆறாம் பாட்டை எடுத்துவிடுவோம், அது கொஞ்சம் சுமார்தான் என்று முடிவு செய்து, எடுத்த பிறகு கடைசிப் பாட்டுக்கு வந்து திகைத்து நின்றார். 'பாடிய ஒன்பதும்' என்று போட்டால் மா வர வேண்டிய சீரில் விளம் வந்து மெட்டு இடிக்கிறது. 'ஒன்பான்' என்று போட்டால் சீர் சரி, ஆனால் பாடுகிற யாருக்கும் அது புரியாது. கடைசியில் ஓவியரிடம் எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே ஆறாம் பாட்டைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். பழையதை விட அது நன்றாக இருக்கிறது.