தெரிந்த கதைதானே என்று எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள்

கொங்குப் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நிறைய. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுவார்கள், தங்கை தங்காள் வந்து எழுப்புவாள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அதனால் இந்தக் கதையை நாடகமாகப் பார்த்துவிட்டு எழுதுகிறவர், முடிவு எல்லோருக்கும் தெரியுமே என்று கடைசிக் காட்சி வரைக்கும் விவரித்துவிடுகிறார். நாடக விமர்சனத்தில் நடக்கும் பெரிய தவறு இதுதான். தெரிந்த கதைக்கு டிக்கெட் எடுக்கிறவர், என்ன நடக்கும் என்று அறிந்துகொள்ள வருவதில்லை. இந்தக் குழு அதை எப்படிச் செய்கிறது என்று பார்க்கத்தான் வருகிறார். ஆகவே இங்கே காப்பாற்ற வேண்டியது கதையை அல்ல, காட்சி அமைத்த விதத்தை.

கோவையில் ஒரு குழு இந்தக் கதையைச் சனி, ஞாயிறு என இரண்டு நாள் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். படுகளக் காட்சியில் அண்ணன்மார் மேடையிலேயே இல்லை. தங்காள் மட்டும் நிற்கிறாள். அரங்கு இருட்டாகி, பார்வையாளர்களின் நடுவிலிருந்து உடுக்கைச் சத்தம் எழுகிறது. சனிக்கிழமை பார்த்தவர் உடல் சிலிர்த்துப்போய், “உடுக்கை நமக்குப் பின்னாலிருந்து கேட்டபோது அரங்கமே உறைந்தது” என்று எழுதுகிறார். பாராட்டுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகிறவர் அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

சரி, அதை மறைத்து “முடிவில் ஓர் எதிர்பாராத அதிர்ச்சி காத்திருக்கிறது” என்று எழுதலாமா? அதுவும் கெடுக்கும். அதிர்ச்சி இருக்கிறது என்று சொன்னாலே வாசகர் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார், நடுவில் வரும் நல்ல காட்சிகள் கண்ணில் படாது. நான் இப்படி எழுதுவேன்: “உடுக்கை இங்கே பக்கவாத்தியம் அல்ல, கதையை நகர்த்துவதே அதுதான். போர்க்காட்சிகளைப் பெரிய சண்டையாக எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். தங்காளின் பக்கம் நின்று கதையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அவசியம் போகலாம்.” எந்தக் காட்சியும் வெளியே வரவில்லை. ஆனால் இது தனக்கான நாடகமா என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

கதை புதியது என்றால் அளவு வேறு. நோட்டீஸில் குழுவே சொன்னதும், முதல் சிக்கல் தொடங்கும் இடமும் போதும். அதற்கு மேல் ஒரு பத்தி கதைச்சுருக்கம் எழுதினாலும் அது விமர்சனம் ஆகாது.

எழுத்தில் கவனமாக இருந்துவிட்டுப் படத்தில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. நாடகத்தின் அழகான படம் பெரும்பாலும் உச்சக்காட்சியில்தான் கிடைக்கும். அதையே கட்டுரையின் தலையில் போட்டால் எல்லாம் போச்சு. முதல் பாதியிலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நடிகர் இரண்டு வேடம் போடுவது பின்னால் தெரியவேண்டிய ரகசியமாக இருந்தால், நடிகர் பட்டியலிலும் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, உட்கார்ந்த இடத்தைச் சொல்லாமல் ஒலியைப் புகழ்வது. விமர்சகருக்கு முன்வரிசை தருவார்கள். அங்கே நடிகரின் நேரடிக் குரலே கேட்கும். கல்யாண மண்டபத்தில் நாடகம் போட்டால் பின்வரிசையில் எதிரொலி வசனத்தை விழுங்கிவிடும். இசைக் கச்சேரியில் இன்னொரு பொறி உண்டு: ஒலிக்கலவை மேசைக்கு அருகில் கேட்பதுதான் அந்த இரவின் சிறந்த ஒலி, ஏனென்றால் அந்த இடத்தில் நின்று கேட்டுத்தான் பொறியாளர் சமன் செய்கிறார். ஆகவே இடைவேளைக்குப் பிறகு ஓரமாக, பின்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள். “பத்தாவது வரிசைக்குப் பின்னால் தங்காளின் தாழ்ந்த குரல் பிடிபடவில்லை, முன்னால் டிக்கெட் எடுங்கள்” என்ற ஒரு வரி, ஒலியமைப்பு பிரமாதம் என்பதைவிடப் பத்து மடங்கு உதவும். மைக் பழுதானது போன்ற கோளாறு என்றால், மறுநாளைக்குச் சரிசெய்கிறார்களா என்று குழுவிடம் கேட்டுவிட்டு எழுதுவதுதான் நியாயம்.

கச்சேரியில் பாட்டுப் பட்டியலைப் பற்றியும் யோசிக்கவேண்டும். கர்நாடகக் கச்சேரியில் பாடகர் அடுத்த ஊரில் வேறு பாட்டுகள் எடுத்துக்கொள்வது வழக்கம் என்பதால் பட்டியல் போட்டால் பெரிய நஷ்டமில்லை. ஊர் ஊராக ஒரே வரிசையில் நடக்கும் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி அப்படியல்ல. கோவையில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் என்ன என்று எழுதினால், அடுத்த வாரம் ஈரோட்டில் பார்க்கப்போகிறவர் அவற்றைக் காத்திருந்து கேட்கும் சந்தோஷம் போய்விடும். பழைய பாட்டுகள் அதிகமா புதியவை அதிகமா, பாடகர் முழுதாகப் பாடுகிறாரா, பல பாட்டுகளின் சில வரிகளை மட்டும் ஒன்றாகக் கோத்துவிடுகிறாரா என்று சொன்னால் போதும்.

அப்புறம், நேரம். நோட்டீஸில் 6.30 என்று இருந்து 7.10க்குத் தொடங்கினால் அதை எழுதுங்கள். எத்தனை மணிக்கு முடிந்தது என்றும் எழுதுங்கள். பொள்ளாச்சிக்கோ கோபிக்கோ பஸ் பிடித்துத் திரும்பவேண்டியவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.