ஷெட்யூல் செய்த போஸ்டுக்கு ரீச் குறையுமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

தோவாளையில் மாலை கட்டி விற்கும் ஒரு கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். ஆடி மாதம் முழுக்க, குறித்து வைத்த நேரத்தில் தானாகப் போஸ்ட் போடும் ஷெட்யூலர் என்ற வெளி ஆப் வழியாகப் போட்டார்கள், ரீச், அதாவது போஸ்டைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை, படுத்துவிட்டது. ஆவணியில் கையால் போட்டார்கள், ஏறிவிட்டது. உடனே பழி ஷெட்யூலர் மேல் விழும். ஆனால் ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் முகூர்த்தமும் ஓணமும் சேர்ந்து வரும். பூப் படத்தை அப்போது நாலு பேர் கூடுதலாகப் பார்க்கத்தான் செய்வார்கள். மாதத்தோடு மாதத்தை ஒப்பிட்டால் எதுவும் தெரியாது, ஜோடி ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: கணக்கை புரொஃபஷனல் கணக்காக மாற்றுங்கள். அப்போதுதான் ரீச் எண்ணைக் காட்டும் இன்சைட்ஸ் கிடைக்கும். ஷெட்யூலரில் தானாகப் போடும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஆப்கள் நினைவூட்டல் மட்டும் அனுப்பும், பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும். அது கையால் போட்ட கணக்கில்தான் சேரும்.

படி 2: ஒரே மாதிரியான இரண்டு படங்கள் ஒரு ஜோடி. மாணிக்கமாலைக்கு இன்னொரு மாணிக்கமாலை, கல்யாண மாலைக்கு இன்னொரு கல்யாண மாலை. ஒரே படத்தை இரண்டு தடவை போடாதீர்கள். ரீல்ஸும் இப்போது வேண்டாம்: பல ஷெட்யூலர்களில் இன்ஸ்டாகிராமின் பாட்டைச் சேர்க்க முடியாது, அதனால் வித்தியாசம் வந்தாலும் காரணம் பாட்டா ஆப்பா என்று பிரிக்க முடியாது.

படி 3: திங்கள், செவ்வாய் ஒரு ஜோடி, புதன், வியாழன் ஒரு ஜோடி. எல்லாம் மாலை 7 மணிக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு படம் ஷெட்யூலரில், மற்றது கையால். எந்த நாளில் ஷெட்யூலர் என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்யுங்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால் நல்ல படம் உங்களையறியாமல் ஒரு பக்கம் போய்விடும். ஐந்து வாரத்தில் 10 ஜோடி கிடைக்கும். ஓணம் வாரத்தைத் தவிருங்கள், காசு கொடுத்து பூஸ்ட் செய்யாதீர்கள்.

படி 4: இதுதான் முக்கியம். கையால் போடும்போது போன் கையில் இருக்கும், "என்ன விலை?" என்ற கமெண்டுக்கு உடனே பதில் சொல்வோம். ஷெட்யூல் செய்தால் அந்த நேரத்தில் சந்தையிலோ தூக்கத்திலோ இருப்போம். ரீச் குறைவதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஆகவே இரண்டு வகைக்கும் 7 மணி முதல் அரை மணி நேரம் பதில் சொல்லுங்கள்.

படி 5: ஒவ்வொரு போஸ்டும் போட்டு சரியாக 72 மணி நேரம் ஆனதும் `Accounts reached` எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலும் எது ஜெயித்தது என்று மட்டும் எண்ணுங்கள். சராசரி எடுத்தால் வைரலான ஒரே போஸ்ட் முடிவையே புரட்டிவிடும்.

ஆப்பால் எந்த வித்தியாசமும் இல்லையென்றாலும், ஏதோ ஒரு பக்கம் 7-3 அல்லது அதற்கு மேல் ஜெயிப்பது மூன்றில் ஒரு தடவை நடக்கும். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 9-1 அல்லது 10-0 வருவது நூறில் இரண்டு தடவைதான், அதை நம்பலாம். பத்து ஜோடியில் சின்ன வித்தியாசம் பிடிபடாது.

ஷெட்யூலர் 9-1 என்று தோற்றால், இன்ஸ்டாகிராம் ஆப்பிலேயே உள்ள ஷெட்யூல் வசதியை வைத்து இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அதுவும் தோற்றால் ஷெட்யூல் செய்வதைச் சந்தேகப்படலாம். தோற்காவிட்டால் சந்தேகம் அந்த வெளி ஆப் மேல்தான்.