காலண்டரில் நேரத்தை மறித்தால் மட்டும் போதாது: சக ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது, அவசரத்துக்கு எப்படி வழி விடுவது

இடையூறு இல்லாமல் வேலை செய்வதற்காக முதல் தடவை நான் காலை 9 முதல் 1 வரை காலண்டரை மறித்தபோது, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது நாளே சாட்டில் பதில் வராதவர்கள் நேராக என் சீட்டுக்கு வந்து நின்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கதவை மூடியிருந்தேன், ஆனால் எப்போது தட்டலாம் என்று சொல்லவே இல்லை.

முதலில் நேரம்

எங்கள் ஆபீஸ் சோழிங்கநல்லூரில். கிளையன்ட் லண்டனில். இங்கே பகல் 12.30 ஆகும்போது அங்கே கோடையில் காலை 8 மணி, குளிர்காலத்தில் 7 மணி. அதனால் 10 மணி ஸ்டாண்ட்-அப் முடிந்ததும், 10.30 முதல் 12.30 வரை கிளையன்ட் பக்கத்திலிருந்து அநேகமாக யாரும் தேட மாட்டார்கள். உங்களை யார் எப்போது தேடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். தொடக்கத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். நான்கு மணி நேரம் கேட்டால் யாராலும் மதிக்க முடியாது.

காலண்டரில் போடுவது

ஆபீஸ் கணக்கில் கூகுள் காலண்டர் இருந்தால், அந்த நேரத்தைச் சொடுக்கி `Focus time` என்பதைத் தேர்ந்தெடுங்கள். சொந்த ஜிமெயில் கணக்கில் இது கிடைக்காது. மீட்டிங்குகளைத் தானாக மறுக்கும் வசதியில் `Only new meeting invitations` என்பதையே வையுங்கள். மற்றதை வைத்தால், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மீட்டிங்கும் மறுக்கப்பட்டுவிடும்.

அதற்குக் கீழே மறுப்புச் செய்தி எழுத ஒரு பெட்டி இருக்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு டீமில் இருப்பவருக்கு உங்களிடமிருந்து போகும் ஒரே பதில் அதுதான். அதனால் விதிவிலக்கு கேட்கும் வழியை அங்கேயே எழுதுங்கள்: "12.30 வரை வேறு வேலையில் இருக்கிறேன். அதற்கு மேல் எந்த நேரமும் சரி. அதுவரை பொறுக்க முடியாது என்றால் போன் செய்யுங்கள்."

டீமுக்குச் சொல்வது

மேனேஜரிடம் முதலில் நேரில் பேசுங்கள், இரண்டு வாரம் பார்ப்போம் என்று கேளுங்கள். பிறகு டீம் குரூப்பில் போடுங்கள். நான் அனுப்பியது இது:

"திங்கள் முதல் வியாழன் வரை 10.30–12.30 பில்லிங் ரிலீஸ் வேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். அப்போது சாட் பார்க்க மாட்டேன், 12.30க்கு எல்லாருக்கும் பதில் போடுவேன். அதுவரை காத்திருந்தால் கிளையன்டுக்குப் பாதிப்பு வரும், அல்லது உங்கள் வேலை முழுசாக நின்றுவிடும் என்றால், தயங்காமல் போன் செய்யுங்கள். என்ன பிரச்சினை, எத்தனை மணிக்குள் வேண்டும், காத்திருந்தால் என்ன ஆகும், இந்த மூன்றையும் சொன்னால் போதும்."

"அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். கூச்சப்படுபவர் உண்மையான அவசரத்துக்கும் கூப்பிட மாட்டார், மற்றவருக்கு எல்லாமே அவசரம்தான்.

ஒரு வியாழக்கிழமை

11.10க்கு டெஸ்டிங் டீமில் இருந்து போன். "பெங்களூர் கஸ்டமருக்கு ஐ.ஜி.எஸ்.டி. வரணும், சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் வருது. 12 மணிக்கு இன்வாய்ஸ் எல்லாம் போயிடும். விட்டா தப்பான வரியோட கஸ்டமர் கைக்குப் போயிடும்." மூன்று கேள்விக்கும் பதில் அதிலேயே இருந்தது. உடனே எழுந்து, 12 மணி அனுப்புதலை நிறுத்தி வைத்தோம். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. சரிசெய்யும் வேலையை 12.30க்கு மேல் எடுத்துக்கொண்டேன். விதிவிலக்கில் பாதிப்பை நிறுத்தும் அளவுக்கு மட்டும் செய்தால், மீதி நேரம் பிழைக்கும்.

அதே நாள் 11.40க்கு இன்னொருவர் சீட்டுக்கு வந்தார். மூன்று மணி மீட்டிங்குக்கு ஸ்லைடில் ஒரு எண் வேண்டுமாம். "12.30க்கு நானே உங்க சீட்டுக்கு வரேன், மீட்டிங்குக்கு முன்னாடி நிச்சயம் தந்துடறேன்" என்றேன். அவர் சரி என்று போய்விட்டார். 12.30க்குப் போய்க் கொடுத்தேன். அப்படிப் போகாமல் விட்டிருந்தால், அடுத்த தடவை அவர் பதில் வாங்காமல் சீட்டை விட்டு நகரமாட்டார்.

இரண்டு வாரம் கழித்து

வந்த போன்களை எழுதி வையுங்கள். ஒரே விஷயத்துக்கே திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், கூப்பிடுபவரைக் குறை சொல்ல வேண்டாம். எனக்கு வந்ததில் பெரும்பாலானவை சர்வர் பாஸ்வேர்டு அனுமதி கேட்டு. அந்த அனுமதியை இன்னொருவருக்கும் வாங்கிக் கொடுத்த பிறகு அவை நின்றன. ஒரு போன்கூட வரவில்லை என்றால், தாமதமான வேலை ஏதாவது உண்டா என்று டீமிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சிலர் கூப்பிடத் தயங்கியே காத்திருப்பார்கள்.