தொலைவு–காலம் வரைபடம்: புள்ளியை வகுக்காதீர்கள், சாய்வைப் பாருங்கள்

அலகு எழுத மறப்பது, அச்சுகளை மாற்றிப் போடுவது போன்ற பிழைகளை ஒரு முறை சுட்டிக்காட்டினால் மாணவர்களே திருத்திக்கொள்வார்கள். விடைத்தாள்களில் விடாமல் திரும்பி வருகிற தவறு வேறொன்று. அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரு புள்ளியின் தொலைவை நேரத்தால் வகுப்பது

ஒரு மிதிவண்டியின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 20 வினாடியில் அது 100 மீட்டர் செல்கிறது. பிறகு 50-ஆவது வினாடி வரை நிற்கிறது. அடுத்த 10 வினாடியில் 100 மீட்டரிலிருந்து 180 மீட்டருக்குப் போகிறது. வரைபடத்தில் ஏறுகோடு, கிடைக்கோடு, இன்னும் செங்குத்தான ஏறுகோடு என்று மூன்று துண்டுகள் இருக்கும்.

மூன்றாவது துண்டில் வேகம் என்ன என்று கேட்டால், கோட்டின் முனையைப் பார்த்து 180-ஐ 60-ஆல் வகுத்து 3 மீ/வி என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 8 மீ/வி. அந்தத் துண்டில் கூடிய தொலைவு 180 − 100 = 80 மீட்டர், அதற்கு எடுத்த நேரம் 60 − 50 = 10 வினாடி. அவர்கள் கண்டுபிடித்த 3 மீ/வி என்பது நின்ற நேரத்தையும் சேர்த்த முழுப் பயணத்தின் சராசரி வேகம். கேள்வி அதைக் கேட்கவில்லை.

இதே வகுத்தலை நடுத் துண்டில் செய்து பார்த்தால் தவறு அப்பட்டமாகத் தெரியும். 40-ஆவது வினாடியில் 100 ÷ 40 = 2.5 மீ/வி வருகிறது. 50-ஆவது வினாடியில் 2 மீ/வி. வண்டியோ இரண்டு நேரத்திலும் அசையாமல் நிற்கிறது.

இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், முதல் துண்டில் அது சரியான விடையைத் தந்துவிடுவதுதான்: 100 ÷ 20 = 5 மீ/வி. கோடு ஆதிப்புள்ளியிலிருந்து நேராகப் புறப்பட்டால் புள்ளியை வகுத்தாலும் சாய்வைக் கண்டாலும் ஒன்றே. தொடக்கப் பயிற்சிகள் பெரும்பாலும் ஆதிப்புள்ளியில் தொடங்குவதால், குறுக்குவழியே விதி என்று மனதில் பதிந்துவிடுகிறது. முதல் நாளிலேயே 30 மீட்டரில் தொடங்கும் ஒரு கோட்டைக் கொடுத்திருந்தால் இது நேராது.

செய்ய வேண்டியது இதுதான். கேட்கப்பட்ட துண்டின் மேல் மட்டும், கட்டக் கோடுகள் சந்திக்கும் இடமாகப் பார்த்து, இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். அவை ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். நெருங்கி இருந்தால் வாசிப்பில் வரும் சிறு பிழைகூட விடையைப் பெரிதாக மாற்றிவிடும். இரண்டையும் இணைத்து ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, உயரத்தை அகலத்தால் வகுக்க வேண்டும். கட்டங்களை எண்ணி வகுக்கக் கூடாது. ஒரு கட்டம் நிமிர்ந்த திசையில் 20 மீட்டராகவும் கிடைத் திசையில் 5 வினாடியாகவும் இருக்கலாம். அச்சில் எழுதிய மதிப்புகளைத்தான் எடுக்க வேண்டும்.

கிடைக்கோடு

நிற்கிறது, அவ்வளவுதான். “சீரான வேகம்” என்று எழுதுகிறவர்கள் வேகம்–காலம் வரைபடத்தின் பாடத்தை இங்கே கொண்டுவருகிறார்கள்.

செங்குத்தான கோடு என்றால் எப்போதும் அதிக வேகமா?

ஒரே வரைபடத்துக்குள் ஆம். அளவுத்திட்டம் வேறான இரண்டு வரைபடங்களைக் கண்ணால் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

வளைகோட்டைப் பாதை என்று நினைப்பது

வளைகோடு, சாலை வளைந்ததைக் காட்டுவதில்லை. வேகம் மாறுவதைக் காட்டுகிறது. போகப்போகச் செங்குத்தானால் வேகம் கூடுகிறது, போகப்போகப் படுத்தால் குறைகிறது. படுத்துக்கொண்டே போகும் வளைகோட்டைப் பார்த்து “பொருள் திரும்பி வருகிறது” என்று எழுதக் கூடாது. தொலைவு இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது, மெதுவாக.

பழைய தவறு இங்கே இன்னும் மோசமாக வெளிப்படும். 0, 1, 2, 3, 4 வினாடிகளில் தொலைவு 0, 1, 4, 9, 16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2-ஆவது வினாடியில் புள்ளியை வகுத்தால் 4 ÷ 2 = 2 மீ/வி. ஆனால் அந்தப் புள்ளியில் அளவுகோலை வைத்துத் தொடுகோடு வரைந்தால், அது 1-ஆவது வினாடியில் 0 மீட்டரையும் 3-ஆவது வினாடியில் 8 மீட்டரையும் கடக்கும். சாய்வு 8 ÷ 2 = 4 மீ/வி. வகுத்தவருக்கு உண்மையான வேகத்தில் சரிபாதிதான் கிடைத்தது. இந்தப் புள்ளிகளை அளவுகோலால் துண்டு துண்டாக இணைப்பதும் தவறு. கையால் சீரான ஒரே வளைகோடாக வரைந்தால்தான் தொடுகோடு சரியாக அமையும்.

இறங்கும் கோடு

கடந்த மொத்தத் தொலைவு ஒருபோதும் குறையாது. கோடு இறங்கினால், அச்சில் இருப்பது ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து பொருள் இருக்கும் தொலைவு. பொருள் அந்த இடத்தை நோக்கி வருகிறது. அச்சின் பெயரைத் திரும்பவும் படியுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் கோடு

நேரமே ஆகாமல் தொலைவு கடந்ததாக ஆகிவிடும். அப்படி வந்தால் அட்டவணையிலோ குறித்த புள்ளியிலோ பிழை இருக்கிறது.