ஒரு நாளின் டீ, காபிக்குக் கலோரிக் கணக்கு: கோப்பையை விட்டுவிட்டுப் பாலையும் சர்க்கரையையும் அளப்பது எப்படி

அம்மா தன் சாப்பாட்டைக் குறித்துவைக்கத் தொடங்கியபோது நோட்டில் கடைசி வரியாக "காபி 2, டீ 2" என்று மட்டும் எழுதினார். நான் அதைக் கைபேசிச் செயலியில் ஏற்றினேன். டீ என்று தேடியதும் முதலில் வந்ததைத் தொட்டேன், காபிக்கும் அப்படியே. நான்கு கோப்பைக்கும் சேர்த்துப் பத்துக் கலோரிகூட வரவில்லை. காரணம் எளியது: அந்தப் பதிவுகள் பாலும் சர்க்கரையும் சேராத வெறும் வடிநீருக்கானவை. அம்மா குடித்ததன் உண்மையான கணக்கு 380 கலோரியைத் தொட்டது. நான்கு இட்லியின் கணக்கை அக்கறையாக எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் அந்த நோட்டுக்கு அர்த்தமே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பின்பற்றும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இதன் அடிப்படை ஒன்றுதான். கோப்பைகளை எண்ணாதீர்கள். நாள் முழுவதும் எத்தனை மில்லி பால், எத்தனை கிராம் சர்க்கரை என்று மட்டும் எண்ணுங்கள். டீத்தூளில் இருந்தும் டிகாக்‌ஷனில் இருந்தும் வருவது ஒரு கோப்பைக்கு ஓரிரு கலோரி. அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

முதல் படி: பால் பாக்கெட்டைப் படியுங்கள்

பாக்கெட்டின் நிறத்தை நம்பவேண்டாம், எழுத்தைப் படியுங்கள். அதில் கொழுப்பு எத்தனை சதவீதம், கொழுப்பற்ற திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறைகொழுப்புப் பாலில் 6. இந்த ஓர் எண்தான் பாலுக்குப் பால் பெரிதாக மாறுகிறது. கொழுப்பற்ற திடப்பொருள் 8.5 சதவீதம் என்றால், அதில் ஏறத்தாழ 3.1 புரதம், 4.7 பால் சர்க்கரை, மீதி தாது உப்புகள். கொழுப்பு கூடினாலும் குறைந்தாலும் இவை அதிகம் அசைவதில்லை.

இனி பெருக்கல்தான். புரதத்திலும் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. எங்கள் வீட்டில் வாங்குவது 4.5 சதவீதப் பால். அதன் 100 மில்லிக்கு:

```
புரதம்       3.1 × 4 = 12.4
மாவுச்சத்து   4.7 × 4 = 18.8
கொழுப்பு     4.5 × 9 = 40.5
மொத்தம்     சுமார் 72 கலோரி
```

இதே கணக்கில் சமன்படுத்திய பால் சுமார் 58 கலோரி, நிறைகொழுப்புப் பால் 85 அளவில் வரும். பாக்கெட்டின் சத்து அட்டவணையில் "கிலோகலோரி" என்று போட்டிருந்தால் குழம்பவேண்டாம். நாம் பேச்சில் கலோரி என்பது அதைத்தான்.

இரண்டாம் படி: உங்கள் ஸ்பூனை எடை போடுங்கள்

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது விளிம்போடு தட்டிச் சமன் செய்த அளவு. நம் வீட்டில் யாரும் தட்டிப் போடுவதில்லை, குவித்துத்தான் போடுகிறோம். சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும் ஸ்பூனும் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

ஆகவே சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். வழக்கமாகச் சர்க்கரை போடுகிறவரையே, வழக்கமாகப் போடுவது போலப் பத்து ஸ்பூன் போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஸ்பூனை நிறுத்தினால் தராசின் பிழையே பெரிதாகிவிடும், அதனால்தான் பத்து. அம்மா போட்ட பத்து ஸ்பூன் 55 கிராம் இருந்தது, அதாவது ஸ்பூனுக்கு 5.5 கிராம். சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி என்பதால் ஒரு ஸ்பூனுக்கு 22 கலோரி. தராசு இல்லாதவர்கள் பக்கத்துக் கடையில் கேட்டு நிறுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு முறை செய்தால் போதும்.

நாட்டுச்சர்க்கரையோ வெல்லமோ போடுகிறவர்களும் இதே முறையில்தான் எடை போடவேண்டும். கிராமுக்கு வரும் கலோரியில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

மூன்றாம் படி: டம்ளரில் போகும் பாலை அளங்கள்

காபியைக் கலந்த பிறகு டம்ளரை அளக்காதீர்கள். டபராவில் இரண்டு முறை ஆற்றியதும் நுரை எழும்பி டம்ளர் நிறைந்துவிடும், அதில் கால் பங்கு காற்றாகவும் இருக்கலாம். பாலை மட்டும், டிகாக்‌ஷன் சேர்ப்பதற்கு முன், அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில் மில்லிக் கோடுகள் இருக்கும். குவளை இல்லாவிட்டால் அந்த மூடியால் தண்ணீரை அளந்து ஊற்றி, டம்ளரில் பால் வழக்கமாக எதுவரை நிற்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

பாலில் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சும் வீடாக இருந்தால் ஒரு சிறு திருத்தம் வேண்டும். அரை லிட்டர் பாக்கெட்டில் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, இறக்கிய பிறகு பாத்திரத்தில் 600 மில்லி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. பாக்கெட்டின் சத்து முழுவதும் அந்த 600 மில்லிக்குள் பரவியிருக்கிறது. ஆகவே அதில் 100 மில்லி ஊற்றினால் உண்மையில் பாக்கெட் பால் 83 மில்லிதான் (500 ஐ 600 ஆல் வகுத்தது). ஏட்டை எடுத்து வெண்ணெய்க்குச் சேர்க்கிறவர்களுக்குக் கொழுப்பு இன்னும் குறையும். எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியில்லை. பாக்கெட் கணக்கை உச்ச அளவாக வைத்துக்கொண்டு, "இதற்கு மேல் போகாது" என்று எழுதிவிடலாம்.

நான்காம் படி: கடை டீயை மதிப்பிடுங்கள்

கடையில் அளக்க முடியாது, நியாயமாக ஊகிக்கலாம். வழக்கமாகப் போகும் கடையில் ஒரு டீயைப் பார்சல் வாங்கிவந்து, நுரை அடங்கிய பிறகு வீட்டில் அளந்துபாருங்கள். எங்கள் தெருமுனைக் கடையில் அது 100 மில்லிக்குச் சற்று மேல் இருந்தது. பல கடைகளில் பாலில் தண்ணீர் சேர்த்தே கொதிக்கவைப்பார்கள், டிகாக்‌ஷனும் சேர்கிறது. அதனால் 70 மில்லி பால் என்று வைத்துக்கொள்கிறேன். சர்க்கரைக்கு 10 கிராம். இந்தச் சர்க்கரை எண்தான் எனக்கு உறுதியில்லாதது. ஒரு வாரத்துக்கு "சர்க்கரை தனியாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, நாவுக்கு அதே ருசி வரும்வரை நீங்களே போட்டுப் பாருங்கள், ஊகம் அளவாகிவிடும்.

அலுவலக இயந்திர டீ வேறு வகை. அதன் பொடியிலேயே பாலும் சர்க்கரையும் கலந்திருக்கலாம். அப்போது பாக்கெட்டில் ஒரு கோப்பைக்கு எத்தனை கிராம் பொடி என்று பார்த்து, அட்டவணையில் இருக்கும் 100 கிராம் கணக்கை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரவில் ஒரே ஒரு கூட்டல்

அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள்:

```
காலை காபி          பால் 110 மி.லி.   சர்க்கரை 11 கி.
11 மணி அரை காபி    பால் 60 மி.லி.    சர்க்கரை 5.5 கி.
4 மணி டீ           பால் 80 மி.லி.    சர்க்கரை 11 கி.
மாலை கடை டீ       பால் 70 மி.லி.    சர்க்கரை 10 கி.
மொத்தம்           பால் 320 மி.லி.   சர்க்கரை 37.5 கி.
```

320 மில்லி என்பது 3.2 நூறு மில்லி. முதல் படியில் கண்ட எண்களை 3.2 ஆல் பெருக்குங்கள். புரதம் 9.9 கிராம், பால் சர்க்கரை 15 கிராம், கொழுப்பு 14.4 கிராம். மாவுச்சத்தில் போட்ட சர்க்கரையையும் சேர்த்தால் 52.5 கிராம். கலோரி பாலில் இருந்து 230, சர்க்கரையில் இருந்து 150, ஆக 380.

இந்த 52.5 கிராமை ஒரே கட்டியாகப் பார்க்காதீர்கள், இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை போன்றவற்றை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 25 கிராமுக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறது. பாலில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை இந்த வரம்பில் சேராது. எனவே அங்கே ஒப்பிடவேண்டிய எண் 37.5 மட்டும்தான்.

பிரித்து எழுதுவதில் இன்னொரு பயனும் கண்டேன். அம்மா முதலில் பாலைக் குறைத்துக் கறுப்புக் காபிக்கு மாறப் பார்த்தார். மரக்கறி உணவு மட்டும் சாப்பிடும் அவருக்கு இந்த நான்கு கோப்பைப் பால் தரும் 10 கிராம் புரதம் சின்ன விஷயம் இல்லை. 4.5 சதவீதப் பாலில் இருந்து 3 சதவீதத்துக்கு மாறினால் புரதம் போகாமல் 43 கலோரி குறையும். சர்க்கரையைப் பாதியாக்கினால் 75 குறையும், புரதம் அப்படியே நிற்கும். எதில் கைவைப்பது என்று அவரே முடிவு செய்ய இந்த இரண்டு எண்கள் போதுமாக இருந்தன.

ஆறாம் படி: டப்பாவைக் கொண்டு சரிபாருங்கள்

இதைத் தவறாமல் செய்யுங்கள். அரை கிலோ சர்க்கரையைத் தனி டப்பாவில் கொட்டி, கணக்கு வைப்பவரின் காபி, டீக்கு மட்டும் அதில் இருந்து எடுங்கள். தொடங்கிய தேதியை டப்பாமேல் ஒட்டுங்கள். நோட்டின்படி அம்மா வீட்டில் போட்டுக்கொள்வது ஒரு நாளைக்கு 27.5 கிராம். 500 ஐ அதால் வகுத்தால் டப்பா 18 நாள் வரவேண்டும். ஆனால் 15 ஆம் நாள் இரவே ஸ்பூன் அடித்தகரத்தில் உரசியது. 500 ஐ 15 ஆல் வகுத்தால் 33 கிராம். தினமும் ஏறத்தாழ ஒரு ஸ்பூன் எங்கோ எழுதப்படாமல் போயிருக்கிறது.

மறுநாள் கூடவே நின்று பார்த்தேன். காலைக் காபியில் இரண்டு ஸ்பூன் போட்டு, ஆற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு, மேலே அரை ஸ்பூன் தூவிக்கொண்டார். நான்கு மணி டீக்கும் அதே. "அது கணக்கில் வருமா, ருசிக்குத்தானே போட்டேன்" என்றார். நோட்டில் சர்க்கரையை 43 கிராம் என்றும் கலோரியைச் சுமார் 400 என்றும் திருத்தினோம். அன்று முதல் சர்க்கரையை டம்ளரில் போடுவதற்கு முன்பே ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துவைத்துக்கொள்கிறார். மேலே தூவ வேண்டியதும் அந்தக் கிண்ணத்தில் இருந்துதான் வரவேண்டும். அடுத்த டப்பா பிரித்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது, இன்னும் கால் பங்குக்கு மேல் மீதி இருக்கிறது.