தொடக்கத்தில் பொருந்தி, முடிவில் விலகும் குரல்கள்: தனித்தனியே பதியும் நேர்காணலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்திலோ டொரன்டோவிலோ இருப்பவரை நேர்கண்டு பதிவதற்கு மிக நல்ல வழி, இருவரும் ஸூமில் பேசிக்கொண்டே அவரவர் குரலை அவரவர் இடத்தில் தனியே பதிந்துகொள்வதுதான். இணையம் தடுமாறினாலும் பதிவு தடுமாறாது. பிறகு இரண்டு கோப்புகளையும் ஒடாசிற்றி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பொருத்தினால், இருவரும் ஒரே அறையில் இருந்து பேசியதுபோல் கேட்கும். முதல் பத்து நிமிடத்துக்கு அப்படித்தான் கேட்கும். அரை மணித்தியாலம் தாண்டியதும் விருந்தினர் ஒவ்வொரு கேள்விக்கும் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதுபோல் இருக்கும், அல்லது கேள்வி முடியுமுன்பே அவர் பேசத் தொடங்கிவிடுவார். அவர் அப்படிப் பேசவே இல்லை.

ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சிறிய படிகக் கடிகாரம் இருக்கிறது. ஒரு செக்கனில் ஒலியின் 48,000 மாதிரிகளை எடு என்று சொன்னால், அந்தக் கடிகாரம் எதைச் ‘செக்கன்’ என்று நம்புகிறதோ அதன்படிதான் கருவி எடுக்கும். இரண்டு கடிகாரங்கள் ஒருபோதும் முழுதாக ஒத்துப்போவதில்லை. பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் என்பது சாதாரண லப்டொப்புக்கும் போனுக்கும் இடையில் வரக்கூடியதுதான். ஒரு மணித்தியாலத்தில் அது 180 மில்லிசெக்கன் ஆகிவிடும். இதில் யாருடைய கருவியும் பழுதில்லை, நல்ல கருவி வாங்கினால் குறையுமே தவிர இல்லாமல் போகாது. ஆகவே விலகல் வரும் என்று எடுத்துக்கொண்டே பதிவைத் திட்டமிட வேண்டும்.

இதில் பலர் விடும் பெரிய தவறு, ஸூம் அழைப்பையே பதியாமல் விடுவது, அல்லது “தரமில்லாததுதானே” என்று அந்தப் பதிவை அழித்துவிடுவது. ஒலிபரப்ப அது உதவாது. ஆனால் இரண்டு குரல்களும் ஒரே கோப்பில், ஒரே நேரக்கோட்டில் இருப்பது அதில் மட்டும்தான். யார் எப்போது பேசினார் என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாமல் பொருத்துவது காது சொல்கிறபடி ஊகிப்பதுதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஸூமில் ஒவ்வொருவரின் ஒலியையும் தனிக் கோப்பாகப் பதிகிற ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, இனி விருந்தினர் தன் பக்கத்தில் பதியத் தேவையில்லை என்று நினைப்பார்கள். அந்தத் தனிக் கோப்பும் இணையம் வழியே சுருங்கி வந்த ஒலிதான். வழியில் தொலைந்த சொல் அதிலும் தொலைந்தேதான் இருக்கும். சாட்சிக் கோப்பாக மட்டும் அது மிக வசதியானது.

அடுத்தது கைதட்டல். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி இருவரும் ஒன்றாகக் கை தட்டுவது பழகிப்போன முறை. அதில் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. உங்கள் ‘மூன்று’ அவரை அடைய நேரம் எடுக்கும், அவருடைய தட்டல் திரும்பி வர இன்னும் நேரம் எடுக்கும். ஆகவே ஒன்றாகத் தட்டினோம் என்பது உண்மையில் ஒன்றாக நடந்ததே இல்லை. மற்றது, ஸூமின் இரைச்சல் நீக்கி கைதட்டலைக் குரலல்லாத சத்தம் என்று அமுக்கிவிடக்கூடும். பிறகு சாட்சிக் கோப்பில் அந்த இடத்தில் ஒரு மங்கலான மேடுதான் இருக்கும், எதோடு எதைப் பொருத்துவது?

எனக்குக் கைதட்டலைவிட வாய்ச்சொல்தான் நம்பகமானதாகப் படுகிறது. ‘பட்டணம்’ போன்ற ஒரு சொல்லைப் பலமாகச் சொன்னால், ‘ட்ட’ வருமிடத்தில் ஒலி ஒரு கணம் முழுதாக அடங்கி, பிறகு வெடித்து எழும்பும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடைவெளியும் அதையடுத்த செங்குத்தான கோடும் தெளிவாகத் தெரியும். மனிதக் குரல் என்பதால் இரைச்சல் நீக்கியும் அதை விட்டுவைக்கும். விருந்தினரிடம் இப்படிக் கேட்டால் போதும்: “டீச்சர், நான் சொன்னாப் பிறகு நீங்கள் மட்டும் பலமா ‘பட்டணம்’ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு ரெண்டு செக்கன் பேசாமல் இருங்கோ.” அவர் முடித்ததும் நீங்களும் தனியே ஒருமுறை சொல்லுங்கள். இதை நேர்காணலின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்ய வேண்டும். தொடக்கத்தில் மட்டும் செய்தால் கோப்பை எங்கே வைப்பது என்று தெரியும், அது எவ்வளவு விலகிப் போனது என்று தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். வெள்ளவத்தையில் நீங்கள், யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரு மணித்தியால உரையாடல். சாட்சிக் கோப்பில் அவருடைய முதல் ‘பட்டணம்’ 0:20.400 இல் விழுகிறது, கடைசி ‘பட்டணம்’ 59:20.400 இல். இடைவெளி சரியாக 3,540 செக்கன். அவர் அனுப்பிய கோப்பில் அதே இரண்டு சொற்களும் 0:12.150 இலும் 59:12.366 இலும் இருக்கின்றன. இடைவெளி 3,540.216 செக்கன். அதாவது அவருடைய கோப்பு 216 மில்லிசெக்கன் நீளம் கூட. தொடக்கத்தைப் பொருத்தி வைத்தால், முடிவில் அவர் குரல் அவ்வளவு பிந்தி வரும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கோப்பைச் சுருக்கிவிடக் கூடாது. முதலில் நடுவில் ஓரிடத்தைப் பார்க்க வேண்டும். முப்பதாவது நிமிடத்தை ஒட்டி அவர் சொன்ன ‘க’, ‘ட’, ‘ப’ போன்ற ஓர் அழுத்தமான எழுத்தை இரண்டு கோப்புகளிலும் கண்டுபிடித்து அளந்தால், விலகல் 101 மில்லிசெக்கன் என்று வருகிறது. முடிவில் வந்ததில் பாதி 108. கிட்டத்தட்ட அதுதான். ஏழு மில்லிசெக்கன் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். அழைப்பு செயலிகள் இணையத்தின் வேகத்துக்கேற்ப ஒலியைச் சற்று நீட்டியும் குறுக்கியும்தான் நமக்குத் தருகின்றன, ஆகவே சாட்சிக் கோப்பிலேயே சில பத்து மில்லிசெக்கன் ஆட்டம் இருக்கலாம். விலகல் சீராகக் கூடியிருக்கிறது என்பது உறுதியானால் மட்டுமே முழுக் கோப்பின் வேகத்தை மாற்றலாம். 3,540.216 ஐ 3,540 ஆல் பிரித்தால் 1.000061. ஸொக்ஸ் என்ற இலவசக் கருவியில் கட்டளை இவ்வளவுதான்:

```
sox guest.wav guest_fixed.wav speed 1.000061
```

ஒடாசிற்றியிலேயே செய்வதானால், வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் விளைவைப் பயன்படுத்துங்கள். சுருதியை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் மாற்றும் விளைவைத் தொட வேண்டாம். பெயரைப் பார்த்தால் அதுதான் பாதுகாப்பானது போலிருக்கும். ஆனால் அது ஒலியைத் துண்டுதுண்டாக வெட்டி மறுபடி ஒட்டுகிறது, குரலில் ஒரு செயற்கைத்தனம் ஏறிவிடும். கடிகார வேறுபாட்டால் சுருதியும் அதே அளவு மாறித்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் உண்மையான திருத்தம், இந்த அளவு மாற்றத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. உங்கள் சொந்தக் குரலையும் இதேபோல் சாட்சிக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து மில்லிசெக்கனுக்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

சரி, நடுவில் அளந்தபோது விலகல் சுழியமாக இருந்து, முடிவில் மட்டும் 216 வந்தால்? அது கடிகாரத்தின் வேலையே அல்ல. பின்பாதியில் எங்கோ ஒரு கோப்பில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. மடிக்கணினி வேறு வேலையில் திணறும்போது பதிவு செயலி சில கணங்களைக் கைவிட்டுவிடும். இதை வேகத்தை மாற்றித் திருத்தினால், சரியாக இருந்த முன்பாதியும் கெட்டுவிடும். நாற்பதாவது நிமிடம், ஐம்பதாவது நிமிடம் என்று மேலும் அளந்து துண்டு விடுபட்ட இடத்தை நெருங்குங்கள். அங்கே ஒரு மௌனத்தில் தடத்தை வெட்டி, அதற்குப் பின்னால் உள்ளதை மட்டும் நகர்த்துங்கள். விலகல் ஏறத்தாழ ஐந்து நிமிடம் இருந்து, குரலும் தடித்தோ கீச்சிட்டோ கேட்டால் அது வேறு சங்கதி. 48,000 இல் பதிந்த கோப்பு 44,100 என்று வாசிக்கப்படுகிறது, அல்லது மறுதலையாக. அறுபது நிமிடப் பதிவு 65 நிமிடம் 18 செக்கனாக நீண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். கோப்பின் மாதிரி வீதத்தைச் சரியாகக் குறித்தால் தீர்ந்துவிடும்.

எவ்வளவு நுட்பமாகப் பொருத்தினாலும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பதிந்த பேச்சைக் காப்பாற்றுவது கடினம். விருந்தினர் ஹெட்போன் போடாவிட்டால், உங்கள் கேள்வி அவருடைய ஸ்பீக்கரிலிருந்து அவருடைய மைக்குக்குள் போய்விடும், அதுவும் இணையம் கடந்த தாமதத்தோடு. இரண்டு தடத்தையும் சேர்க்கும்போது உங்கள் குரல் இரண்டு தரம் கேட்கும். அவர் பேசாத இடங்களில் அவர் தடத்தை அமைதியாக்கலாம். இருவரும் ஒன்றாகப் பேசும் இடங்களில், அதாவது சிரிப்பு, குறுக்கிட்டுச் சொல்லும் “ஓம், ஓம்” எல்லாம் இருக்கும் உயிரான இடங்களில், ஒன்றும் செய்ய முடியாது. போனோடு வந்த பழைய வயர் ஹெட்போன் இருந்தாலே போதும்.

விருந்தினரிடம் கணினி இல்லாமல் போன் மட்டும் இருந்தால், வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே அதே போனில் பதியச் சொல்லாதீர்கள். அழைப்பு மைக்கைப் பிடித்துக்கொள்வதால், அன்ட்ரொயிட்டில் பதிவு செயலி ஓடுவதுபோல் காட்டினாலும் கோப்பில் வெறும் மௌனமே மிஞ்சக்கூடும். வீட்டில் இன்னொருவரின் போனைக் கேட்டு வாங்கி, அதை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதியச் சொல்லுங்கள். தொடங்குமுன் பத்து செக்கன் பதிந்து, அதை அவரே போட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

அழைப்பு அறுந்தால், கரண்ட் போய் ரூட்டர் நின்றால், இலவச ஸூமின் 40 நிமிடம் முடிந்தால், பலர் உடனே பதிவையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒருபோதும் நிறுத்த வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். “லைன் கட்டானாலும் ரெக்கோர்டிங்கை ஓட விடுங்கோ, நான் திரும்ப எடுக்கிறன்.” ஓடிக்கொண்டே இருந்த தடத்தில் வெறும் மௌனம்தான் கூடும். நிறுத்தித் தொடங்கினால் இரண்டு கோப்புகள், இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்பது யாருக்கும் தெரியாது. மறுபடி இணைந்ததும் ‘பட்டணம்’ ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடருங்கள், ஏனெனில் சாட்சிக் கோப்பும் அங்கே இரண்டாக உடைந்திருக்கும்.

போனில் பதிந்தது பெரும்பாலும் எம்4ஏ கோப்பாக வரும். அளக்கத் தொடங்குமுன் அதை ffmpeg என்ற இலவசக் கருவியால் வேவ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i guest.m4a -ar 48000 guest.wav
```

கணினியில் வேவ் ஆகப் பதிந்தவரின் ஒரு மணித்தியாலம், ஒற்றைத் தடமாக 48,000 வீதத்தில், ஏறத்தாழ 345 மெகாபைட் இருக்கும். கூகுள் ட்ரைவில் ஏற்றச் சொல்லுங்கள், அல்லது வட்ஸ்அப்பில் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் முடிவிலுள்ள ‘பட்டணம்’ வரை பொருத்திப் பார்த்துத் தகவல் சொல்லும்வரை, மூலக் கோப்பை அவர் தன் கணினியிலிருந்தோ போனிலிருந்தோ அழிக்கக் கூடாது.