மூட்டு வலிக்காகப் போடுகிற ஊசி இல்லை அது

போன கார்த்திகையில், அடைமழை விடாத ஒரு காலையில், மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா தன் 12 வயதுப் பொண்ணைக் கூட்டிக்கொண்டு நான் நர்ஸாக இருக்கும் ஓ.பி.க்கு வந்தார். இரண்டு முழங்காலும் வீங்கி, மடக்க முடியாமல், பெஞ்சில் காலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தது பிள்ளை. மஞ்சப் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு அட்டை இருந்தது, ருமாட்டிக் காய்ச்சலுக்குப் போடும் பெனிசிலின் ஊசியைக் குறித்து வைக்கிற அட்டை. வாங்கி எண்ணினேன். ஊசி ஆரம்பித்து சரியாக ஒரு வருஷம். மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் 17 ஊசி விழுந்திருக்க வேண்டும். அட்டையில் இருந்தது 9.

"வலிதான் போயிடுச்சேன்னு விட்டுட்டோம் சிஸ்டர்" என்றார் அந்த அம்மா. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேனோ தெரியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முந்தைய வருஷம் நடந்தது இதுதான். பிள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல், நாலு நாளில் சரியாகிவிட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முழங்கால் வீங்கியது, சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்தார்கள். அது வடிந்த மறுநாள் கணுக்கால், அப்புறம் முழங்கை. விழுந்து அடிபட்ட வலி இப்படி இடம் மாறாது. பெரிய மூட்டுகளில் ஒன்று விட்டு ஒன்றாக வலி தாவினால், அதுவும் 5 முதல் 15 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு, சுளுக்கு எடுப்பவரிடம் போகாமல் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பவரிடம் போக வேண்டும். இவளுக்கு வைத்துப் பார்த்ததில் இதயத்தில் சத்தம் கேட்டது, எக்கோ ஸ்கேனில், ரத்தம் பின்னால் திரும்பாமல் தடுக்கிற மைட்ரல் வால்வு லேசாக ஒழுகியது. ருமாட்டிக் காய்ச்சல். அதற்குத்தான் மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி ஆரம்பித்தார்கள்.

தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த படை, அந்தக் கிருமியைப் போலவே சாயல் உள்ள இதயத் திசுவையும் எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். மூட்டுக்கு வந்தது ஒன்றும் மிச்சம் வைக்காமல் போய்விடும், ஆஸ்பிரின் கொடுத்தால் இரண்டு மூன்று நாளிலேயே அடங்கும். வால்வுக்கு வந்தது அப்படிப் போகாது. அங்கே வலியும் கிடையாது, அதனால் வீட்டில் யாருக்கும் அது நினைவில் நிற்பதில்லை.

பெனிசிலின் ஊசி மூட்டுக்கும் இல்லை, கெட்டுப்போன வால்வைச் சரிசெய்யவும் இல்லை. அந்தக் கிருமி மறுபடி தொண்டையில் குடியேறாமல் காவல் காப்பது மட்டும்தான் அதன் வேலை. ஒரு முறை இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அடுத்த தொண்டைப் புண்ணிலும் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், வரும் ஒவ்வொரு தடவையும் வால்வில் இன்னும் கொஞ்சம் தழும்பு ஏறும்.

சரி, அட்டைக்கு வருவோம். வலி நின்றதும் ஊசியை விட்டது ஒரு தவறு என்றால், விடாமல் போட்ட மாதங்களிலும் இன்னொரு தவறு இருந்தது. "மாசம் ஒரு ஊசி" என்று வீட்டில் மனதில் பதிந்துவிட்டது. 5ஆம் தேதி போட்டால் அடுத்த 5ஆம் தேதி, அன்றைக்கு வேலை இருந்தால் 10ஆம் தேதி. இந்த மருந்து தசைக்குள் தேங்கி நின்று கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலப்பது. மூன்று வாரம் தாண்டினால் பலருக்கு அது காவலுக்குப் போதாத அளவுக்கு இறங்கிவிடுகிறது, நாலு வாரத்துக்கு மேல் போகவே கூடாது. இந்தப் பிள்ளைக்குக் கடைசி ஊசி புரட்டாசியில், அப்புறம் சம்பா நடவு, அம்மாவுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. தீபாவளி கழிந்து தொண்டை வலித்தபோது ஊசி போட்டு 40 நாள் ஆகியிருந்தது. முழங்கால் வீங்கி எங்களிடம் வந்தது 61ஆவது நாள். மறுபடி எக்கோ எடுத்தோம், லேசான ஒழுக்கு என்று இருந்தது இப்போது நடுத்தரம் என்று வந்தது.

நான் எல்லோருக்கும் சொல்வது, தேதியை விட்டுவிட்டுக் கிழமையைப் பிடியுங்கள். 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம், வியாழக்கிழமை போட்டால் அடுத்ததும் வியாழக்கிழமைதான். ஊசி போட்ட வியாழனை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வருகிற மூன்றாவது வியாழனை நாள்காட்டியில் சுழித்து வைத்தால் போதும். நடவோ கல்யாணமோ குறுக்கே வந்தால் இரண்டு நாள் முன்னாடி போட்டுக்கொள்ளலாம், பின்னாடி தள்ளக் கூடாது.

பிள்ளைகள் ஊசிக்கு அழுவதும் விட்டுப்போக ஒரு காரணம், அதில் எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது. கரைத்தால் பால் மாதிரி இருக்கும் மருந்து, நின்றால் அடியில் படியும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். பாதி உள்ளே போய் மிச்சம் சிரிஞ்சிலேயே நின்றால் அது பாதி ஊசிதான். நன்றாகக் குலுக்கி, உடனே உறிஞ்சி, 21 நம்பர் ஊசியில், இடுப்புத் தசையில் ஆழமாக, இரண்டு மூன்று நிமிஷம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். 27 கிலோவுக்கு மேல் என்றால் 12 லட்சம் யூனிட், அதற்குக் கீழே 6 லட்சம். பிள்ளையை வெறும் வயிற்றோடு அழைத்து வராதீர்கள், பயத்தில் மயங்கி விழுந்ததை அலர்ஜி என்று எழுதி ஊசியையே நிறுத்திய அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். நிஜமான அலர்ஜி அபூர்வம்தான், ஆனால் உண்டு. அதனால் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும். அலர்ஜி உள்ளவர்களுக்கும், வால்வு மிக மோசமாகி மூச்சு வாங்குகிறவர்களுக்கும் மாத்திரை வழி இருக்கிறது, அதை இதய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனை செய்கிற குழப்பம் தனி. சமீபத்தில் அந்தக் கிருமி வந்து போனதா என்பதைத்தான் அந்த எண் சொல்லும். பள்ளிக்கூடம் போகிற நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளிடமே அது ஏறியிருக்கும். இதயமும் மூட்டும் சரியாக இருக்கிற பிள்ளைக்கு எண் 400 என்பதற்காக வருஷக்கணக்கில் ஊசி போடுவது வீண் தண்டனை. நோய் உறுதியான பிள்ளைக்கோ நேர்மாறாக நடக்கிறது, "200க்குக் கீழே வந்துடுச்சு" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஊசியை எப்போது நிறுத்துவது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இதயம் தொடப்படவில்லை என்றால் கடைசியாக வந்த காய்ச்சலிலிருந்து 5 வருஷம் அல்லது 21 வயது, இதில் எது பிந்தி வருகிறதோ அதுவரை போட வேண்டும். வால்வில் பாதிப்பு தங்கிவிட்டால் 10 வருஷம் அல்லது 40 வயது, அதிலும் பிந்தியதுதான் கணக்கு, சிலருக்கு ஆயுள் முழுக்க.

அதனால் கல்யாணம், பிரசவம் எல்லாம் இந்தக் காலத்துக்குள்தான் வரும். கல்யாணப் பேச்சு எடுத்ததும் அட்டையை ஒளித்து வைக்கிற வீடுகள் இருக்கின்றன, அவர்களின் பயம் புரிகிறது. ஆனால் வருஷங்கள் போகப் போக ஒழுகிய வால்வின் இதழ்கள் தடித்து ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும், 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாசல் ஒன்றரைக்கும் கீழே சுருங்கும். வேகமாக நடக்காதவரை அந்தப் பெண்ணுக்கு அது தெரியாமலே இருக்கலாம். கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடும், இதயத் துடிப்பும் வேகமாகும், அந்தக் குறுகிய வாசலில் நுழைய முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கும். ஆறாவது ஏழாவது மாதத்தில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கும் பெண்ணிடம் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள், அன்றைக்கே எக்கோ எடுக்க வேண்டும். பெனிசிலின் கர்ப்பத்தில் பாதுகாப்பானது, நிறுத்த வேண்டியதில்லை. பலூன் வைத்து வால்வைத் திறந்தாலும், செயற்கை வால்வே பொருத்தினாலும் ஊசி தொடரும், தொண்டைக்குக் காவல் அப்போதும் தேவைதானே.

மன்னார்குடிப் பிள்ளைக்கு இப்போது வியாழக்கிழமைதான் ஊசி நாள். போன தை அறுவடை நேரத்தில் அம்மாவால் வர முடியவில்லை, அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஆயாவோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.